மின்சாரத்தை நிறுத்தி, ஓயும்வரை கேளுங்கள்: மோட்டார் சத்தம் எங்கிருந்து வருகிறது?

மோட்டார் 'ஊம்'னு கத்துது. காயிலா பேரிங்கா, கழற்றாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தை நிறுத்துங்கள். மோட்டார் உடனே நிற்காது. தன் வேகத்திலேயே கொஞ்ச நேரம் சுழன்று ஓயும். அந்தச் சில நொடிகளில் மோட்டாருக்குள் மின்சாரம் இல்லை, சுழற்சி மட்டும்தான் இருக்கிறது. ஸ்டாப் அழுத்திய கணத்திலேயே, வேகம் இன்னும் குறையாத அந்த நேரத்திலேயே சத்தம் வெட்டினாற்போல் நின்றால், அது காந்த விசையால் வந்த சத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வேகத்தோடு சேர்ந்து சத்தமும் மெல்ல இறங்கி, சுருதி தணிந்து, கடைசிச் சுற்றுவரை கூட வந்தால் அது சுழலும் பாகங்களின் சத்தம்.

பெரும்பாலான மோட்டார்களில் இரண்டும் கலந்தே இருக்கும். ஆகவே "நின்றதா, நிற்கவில்லையா" என்று மட்டும் பார்க்காமல், எந்தப் பகுதி போனது, எது மிஞ்சியது என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

கரண்ட் போனதும் காந்தச் சத்தம் மட்டும் ஏன் உடனே நிக்குது?

சிங்கப்பூரின் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையடிக்கிறது. ஆனால் இரும்பை இழுக்கும் காந்தத்துக்கு வடதுருவம், தென்துருவம் என்ற பேதம் இல்லை. நேர் பாதியிலும் இழுக்கும், எதிர்ப் பாதியிலும் இழுக்கும். அதனால் ஸ்டேட்டர் இரும்பு நொடிக்கு 100 முறை இழுபட்டு விடுபடுகிறது. நீங்கள் கேட்கும் 'ஊம்' அந்த 100 ஹெர்ட்ஸ்தான். எல்லா இண்டக்ஷன் மோட்டாரிலும் இது கொஞ்சம் இருக்கும். அளவு மீறும்போதுதான் கவலை.

சப்ளை போனால் ஸ்டேட்டரில் பாய்ந்த மின்னோட்டம் நின்றுவிடுகிறது. ரோட்டரில் சிக்கிய காந்தப்புலம் மட்டும் சற்று நேரம் மிஞ்சும். சின்ன மோட்டாரில் அது ஒரு நொடியின் சிறு பகுதியில் தேய்ந்துபோகும். பெரிய மோட்டாரில் ஒரு நொடிக்கு மேலும் நீடிக்கலாம். ஆகவே பெரிய மோட்டாரில் ஸ்டாப் அழுத்திய பிறகு 'ஊம்' அரை நொடி வாலாக இழுத்தது என்பதற்காக அதை இயந்திரக் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள்.

சுழலும் பாகங்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. பேரிங்குக்குள் உருளும் குண்டுகளுக்கு மின்சாரம் போனது தெரியாது. ஷாஃப்ட் சுற்றும்வரை அவையும் உருளும்.

யாரு எங்க நிக்கணும், எப்படிச் செய்யணும்?

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேனலில், இன்னொருவர் மோட்டார் அருகில். பம்ப் ரூமில் கத்திப் பேசினாலும் கேட்காது. கையைத் தூக்கினால் நிறுத்து என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்ய வேண்டியதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: காத்திருப்புப் பம்பை முடக்குவது. கூட்டுரிமை வீடுகளிலும் வீவக புளோக்குகளிலும் பம்புகள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் இருக்கும். ஓடும் பம்பை நிறுத்தினால் அழுத்தம் குறைந்து, அடுத்தது தானாகக் கிளம்பிவிடும். நீங்கள் முதல் பம்பின் ஓய்வைக் கேட்கக் காது கொடுத்த நேரத்தில் பக்கத்துப் பம்ப் கத்த ஆரம்பிக்கும், சோதனை வீண். அதனால் தேர்வுச் சுவிட்சை ஆட்டோவிலிருந்து எடுத்து, காத்திருப்புப் பம்பை நிறுத்த நிலையில் வையுங்கள். கட்டட நிர்வாகத்துக்குச் சொல்லாமல் இதைச் செய்யாதீர்கள். மேல்மாடிகளில் தண்ணீர் குறைந்தால் புகார் அவர்களுக்குத்தான் போகும்.

அடுத்து மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் வழக்கமான சுமையில் ஓட விடுங்கள். குளிர்ந்த கிரீஸ் தரும் சத்தம் வேறு. பிறகு ஒரு நிமிடம் மோட்டாரைச் சுற்றி நின்று, ஓடும் சத்தத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: அடியில் கனமாக ஒலிப்பது எது, மேலே கீச்சிடுவது எது, விட்டுவிட்டு வருவது எது. பேனலில் உள்ள கான்டாக்டரும் 'ங்ங்ங்' என்று அதிரக்கூடியது. பேனல் பக்கத்திலேயே இருந்தால் அந்தச் சத்தத்தை மோட்டார் சத்தமாக எண்ணாதபடி தனியாகக் கேட்டு வையுங்கள். அதுவும் ஸ்டாப் அழுத்தியதும் நின்றுபோகும்.

கேட்கும் கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். மெக்கானிக்குகள் பயன்படுத்தும் ஸ்டெதஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் வீட்டின் திடமான இரும்பில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு அருகில் எலும்பில் அழுத்துங்கள். விசிறி மூடியில் வைக்காதீர்கள். அந்த மெல்லிய தகடு தன் சத்தத்தையே பாடும். ஷாஃப்ட், கப்ளிங், பெல்ட் பக்கம் நுனி போகவே கூடாது. தளர்ந்த சட்டை, கழுத்துக் கயிற்றில் தொங்கும் அடையாள அட்டை இரண்டும் வேண்டாம்.

இப்போது கையைத் தூக்குங்கள். பேனலில் நிற்பவர் ஸ்டாப் பொத்தானை அழுத்த வேண்டும். ஐசொலேட்டரை இழுத்து அல்ல. சுமையோடு திறக்கத் தகுதியில்லாத ஐசொலேட்டரில் தீப்பொறி வெடிக்கும்.

ஒரு முறை ஓட்டும்போது ஓர் இடம் மட்டும்: முதல் முறை கப்ளிங் பக்கப் பேரிங், அடுத்து விசிறிப் பக்கப் பேரிங், கடைசியாக ஸ்டேட்டர் உடலின் நடுப்பகுதி. மூன்று முறை நிறுத்தினால் போதும்.

ஸ்டாப் பொத்தான் அழுத்தறதுக்கும் லைசென்ஸ் வேணுமா?

வழக்கமாகப் பம்பை இயக்கும் அனுமதி உள்ளவர் பொத்தானை அழுத்தலாம். பேனலைத் திறப்பது, வயரைக் கழற்றுவது, வோல்டேஜ் அளப்பது போன்றவை உரிமம் பெற்ற மின்பணியாளரின் பொறுப்பில் நடக்க வேண்டிய வேலை. கப்ளிங்கைக் கழற்றுவதற்கு முன் ஐசொலேட்டரைத் திறந்து, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டி, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

மறுபடி மறுபடி ஓட்டி நிறுத்தினா மோட்டாருக்குக் கெடுதல் இல்லையா?

உண்டு. நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார் ஒவ்வொரு தடவையும் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு வரை இழுக்கும். அந்தச் சூடு காயிலிலும் ரோட்டர் பாரிலும் தங்கும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் பத்து நிமிடமாவது ஓட விடுங்கள். மிகப் பெரிய மோட்டாரானால் ஒரு மணி நேரத்தில் எத்தனை ஸ்டார்ட் என்று தயாரிப்பாளர் தந்த அளவைப் பாருங்கள்.

இன்னொன்று, ஷாஃப்ட் முழுதாக நிற்கும்முன் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரோட்டரில் மிஞ்சிய புலமும் புதிதாக வரும் சப்ளையும் எதிரெதிராக மோதினால் ஷாஃப்டிலும் கப்ளிங்கிலும் பெரிய உதை விழும்.

எங்க பம்ப் நிறுத்தின மூணு நாலு நொடியில நின்னுடுது. அதுக்குள்ள என்னத்தக் கேக்கிறது?

தண்ணீரைத் தள்ளும் பம்பில் அப்படித்தான். தண்ணீரே பிரேக் போலப் பிடித்துவிடும். போதாததற்கு நான்-ரிட்டர்ன் வால்வு 'டம்' என்று சாத்தும் சத்தம் வேறு. காற்றுத் தள்ளும் பெரிய விசிறியில் இந்தத் தொல்லை இல்லை, அரை நிமிடத்துக்கு மேலும் சுழலும்.

பம்புக்குக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஸ்டாப் அழுத்துவதற்கு ஐந்து நொடி முன்பே தொடங்கி, நின்ற பிறகும் ஐந்து நொடி ஓட விடுங்கள். கடைசி ஐந்து நொடி அறையின் பின்னணிச் சத்தத்துக்கானது; அது இல்லாவிட்டால் மிஞ்சியது மோட்டாரா, பக்கத்து அறையின் விசிறியா என்று பிறகு தெரியாது. கைபேசியில் இரைச்சல் குறைக்கும் வசதி இருந்தால் அதை அணைத்து வையுங்கள். ஒரே சீரான 'ஊம்'மைத்தான் அது இரைச்சல் என்று முதலில் அழிக்கும்.

அந்தப் பதிவைக் கணினியில் Audacity-யில் திறந்து, தடத்தின் காட்சியை Spectrogram என்று மாற்றுங்கள். கிடையாக நேரம், செங்குத்தாக அதிர்வெண். மின்சாரச் சத்தம் 100, 200, 300 ஹெர்ட்ஸ் இடங்களில் மேசை விளிம்பு போல நேர்கோடாக வந்து, ஸ்டாப் அழுத்திய இடத்தில் கத்தரித்தாற்போல் முடியும். சுழற்சியோடு ஒட்டிய சத்தங்கள் அதே இடத்திலிருந்து வளைந்து கீழே இறங்கும், சறுக்குமரம் போல. மூன்று நொடி காதுக்குப் போதாது. கண்ணுக்கு அது தாராளம். ஒரு முறை பார்த்துப் பழகிவிட்டால் எந்தக் கோடு எது என்று குழப்பமே வராது.

நிறுத்தினதும் சத்தம் சட்டுனு போயிடுச்சு. அப்போ அது மின்சத்தம்தான்னு முடிவு கட்டலாமா?

இன்னும் இல்லை. இந்தச் சோதனையில் அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான்.

ஸ்டாப் அழுத்தும்போது மின்சாரம் மட்டும் போவதில்லை. ஷாஃப்ட் சுமையைத் தள்ளும் முறுக்கு விசையும் அதே கணத்தில் போய்விடுகிறது. கியர்பாக்ஸில் ஒரு பல் இன்னொரு பல்லை அழுத்திக்கொண்டே முனகியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமை போனதும் அழுத்தமும் போய், முனகலும் நின்றுவிடும். பெல்ட் சறுக்கிக் கீச்சிட்டதும் அப்படியே. கப்ளிங்கில் தேய்ந்த ரப்பரும் அப்படியே. இவை மூன்றும் இயந்திரச் சத்தங்கள். ஆனால் மின்சத்தம் போல நடந்துகொள்ளும். பம்பில் தண்ணீர் குமிழியிட்டுக் கூழாங்கல் உருள்வது போல ஒலிக்கும் சத்தமும் வேகம் சற்றுக் குறைந்ததுமே போய்விடும்.

பிரித்தறிய ஒரே நல்ல வழி, கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓட்டுவதுதான். ஓட்டும்முன் ஷாஃப்டில் உள்ள சாவியைக் கழற்றுங்கள் அல்லது இறுகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அது பறந்து வரும். தனியாக ஓடும்போதும் அதே 'ஊம்' இருந்து, நிறுத்தியதும் மறைந்தால், அது மோட்டாரின் காந்தச் சத்தமேதான். சுமை இல்லாவிட்டாலும் காந்தப்புலம் ஏறத்தாழ முழு அளவில் இருக்கும், அதனால் ஸ்டேட்டரையும் காற்றிடைவெளியையும் சார்ந்த சத்தம் குறையாது. தனியாக ஓட்டும்போது சத்தமே இல்லையென்றால் பம்ப், கப்ளிங், கியர் பக்கம் தேடுங்கள். ரோட்டர் பார் உடைந்த சத்தமும் சுமையில்லாதபோது ஒளிந்துகொள்ளும். அதைப் பின்னால் பார்ப்போம்.

தனியா ஓட்டியும் 'ஊம்' இருக்கு, நிறுத்தினா போயிடுது. ரீவைண்டிங்குக்கு அனுப்பிடலாமா?

அனுப்பாதீர்கள், இன்னும் அரை மணி நேர வேலை பாக்கி இருக்கிறது. விசை எங்கே பிறக்கிறது என்பதைத்தான் இந்தச் சோதனை காட்டும். அந்த விசையைக் கெடுத்தது எது என்பதை அது சொல்லாது. காந்தச் சத்தத்துக்கான மருந்து சில சமயம் ஸ்பேனரில் இருக்கும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஓர் அலுவலகக் கட்டடத்தில் குளிர்கோபுரத்துக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப். மோட்டார் 11 கிலோவாட், 400 வோல்ட், நான்கு துருவம், பெயர்த்தகட்டில் 1465 சுற்று. பேரிங் மாற்றித் திரும்பப் பொருத்தியதிலிருந்து கனமான 'ஊம்'. பேரிங்கைச் சரியாகப் போடவில்லை என்று எல்லாரும் மெக்கானிக்கைப் பார்க்கிறார்கள்.

பம்போடு சேர்த்து நிறுத்திக் கேட்டால், 'ஊம்' உடனே போகிறது. மிஞ்சுவது காற்றும் தண்ணீரும் தரும் மெல்லிய 'ஷ்' மட்டும். அது ஐந்து நொடியில் தேய்கிறது. பேரிங் மேல் வைத்த ஸ்க்ரூடிரைவரில் கரகரப்பு இல்லை. கப்ளிங்கைக் கழற்றித் தனியாக ஓட்டினாலும் 'ஊம்' அப்படியே. இப்போது மோட்டார் பத்து இருபது நொடி சுழன்று ஓய்கிறது, அந்த நேரம் முழுவதும் அமைதி. ஆக, பேரிங் குற்றவாளி இல்லை.

அடுத்த சந்தேகம் சப்ளை மேல். மின்பணியாளர் மூன்று ஜோடியிலும் அளக்கிறார்: 402, 400, 401 வோல்ட். மின்னோட்டமும் மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய ஒன்று. சப்ளை சுத்தம், காயிலும் பெரும்பாலும் சுத்தம்.

மிஞ்சுவது கால். மோட்டாரின் நான்கு கால்களும் பீடத்தில் ஒரே மட்டத்தில் அமர வேண்டும். ஒரு கால் சற்றே அந்தரத்தில் இருந்தால், போல்டை இறுக்கும்போது அந்தக் கால் கீழே இழுக்கப்பட்டு மோட்டாரின் உடல் முறுக்கிக்கொள்ளும். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையிலுள்ள காற்றிடைவெளி இந்த அளவு மோட்டாரில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் ஒரு பக்கம் கொஞ்சம் குறுகினாலும் அந்தப் பக்கம் காந்தம் கூடுதலாக இழுக்கும், நொடிக்கு 100 முறை. அந்த இழுப்புதான் இந்த 'ஊம்'.

சப்ளையைப் பூட்டிவிட்டு நான்கு போல்டையும் இறுக்கி, ஒரு காலின் மேல் டயல் கேஜை வைத்துப் பூஜ்யமாக்கி, அந்த ஒரு போல்டை மட்டும் தளர்த்திப் பாருங்கள். படித்ததும் மறுபடி இறுக்கிவிட்டு அடுத்த காலுக்குப் போங்கள். நம் உதாரணத்தில் கால்கள் எழும்பியது 0.02, 0.01, 0.22, 0.03 மில்லிமீட்டர். 0.05-க்கு மேல் போனாலே சரிசெய்ய வேண்டும்; மூன்றாவது கால் நான்கு மடங்கு தாண்டிவிட்டது. அந்தக் காலின் அடியில் எடுத்துப் பார்த்தால் பழைய பெயின்ட் கட்டி, துரு, கசங்கிய ஐந்தாறு மெல்லிய ஷிம். சுரண்டிச் சுத்தம் செய்து, ஃபீலர் கேஜை நான்கு மூலையிலும் நுழைத்து இடைவெளி ஒரே அளவா என்று பாருங்கள். ஒரே அளவானால் அந்தக் கனத்துக்கு ஒரே துருப்பிடிக்காத ஷிம் போதும். ஒரு மூலை திறந்து மறுமூலை ஒட்டியிருந்தால் கால் சாய்ந்திருக்கிறது. அதற்குத் தட்டை ஷிம் சரிவராது, காலையோ பீடத்தையோ இழைக்க வேண்டும்.

பிறகு நான்கு கால்களையும் மறுபடி டயல் கேஜில் பார்த்து, ஷாஃப்டை நேர்ப்படுத்தி, ஓட்டுங்கள். 'ஊம்' தணிந்துவிட்டால் மோட்டாரை லாரியில் ஏற்ற வேண்டியதில்லை. தணியவில்லை என்றால் ஸ்டேட்டர் தகடுகளின் தளர்வு, ரோட்டர் மையம் விலகியது, காயில் ஆகியவை மிஞ்சும். அவற்றுக்குப் பணிமனைதான் இடம்.

மோட்டார் ஓடும்போதே ஒவ்வொரு போல்டாகத் தளர்த்தி 'ஊம்' குறைகிறதா என்று கேட்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். டயல் கேஜ் அதே பதிலை நின்ற மோட்டாரில் தரும்போது, ஓடும் மோட்டாரில் கையை வைப்பதற்குக் காரணமே இல்லை.

வோல்டேஜ் மூணும் ஒண்ணா இல்லைனா?

மூன்றையும் கூட்டிச் சராசரி எடுங்கள். அதிலிருந்து அதிகம் விலகியது எவ்வளவு என்று பாருங்கள். 400, 396, 386 என்றால் சராசரி 394, அதிக விலகல் 8, அதாவது 2 விழுக்காடு. கேட்பதற்குச் சின்னதுதான். ஆனால் மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வு அதைப்போல் பல மடங்காக வரும். ஒரு ஃபேஸ் மட்டும் சூடாகி, 'ஊம்'மும் கூடும்.

சப்ளையா மோட்டாரா என்று தீர்மானிக்க, மின்பணியாளரிடம் மூன்று வயர்களையும் ஓர் இடம் நகர்த்திப் போடச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே வரிசையில் நகர்ந்தால் சுழலும் திசை மாறாது. அதிக மின்னோட்டம் அதே சப்ளை லைனிலேயே நின்றால் குறை சப்ளையில்: தளர்ந்த இணைப்பு, கருகிய கான்டாக்டர் முனை. மோட்டார் வயரோடு சேர்ந்து நகர்ந்தால் குறை மோட்டாருக்குள்.

சீரா இல்லாம 'ஊ...ம், ஊ...ம்'னு அலை மாதிரி ஏறி இறங்குது. இது என்ன?

கிட்டத்தட்ட ஒரே சுருதியுள்ள இரண்டு சத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. இரண்டு துருவ மோட்டாரில் இது சாதாரணமாக வரும். 2950 சுற்றில் ஓடினால் நொடிக்கு 49.17 சுற்று, அதன் இரட்டிப்பு 98.33. காந்தத்தின் 100-க்கும் இதற்கும் வித்தியாசம் 1.67. ஆகவே பத்து நொடியில் சுமார் 17 அலை எண்ணுவீர்கள். கைக்கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். கணக்கு நேர்த்தியாகப் பொருந்தும்.

இப்போது நிறுத்துங்கள். இரண்டில் ஒன்று போய்விட்டதால் அலையடிப்பு அந்தக் கணமே நிற்கும். அதற்காக எல்லாமே மின்சத்தம் என்று சொல்லிவிடாதீர்கள். அலை போன பின் மிஞ்சும் சீரான சத்தத்தின் கனத்தைக் கேளுங்கள். அது பலமாக இருந்து வேகத்தோடு இறங்கினால் கப்ளிங் நேராக இல்லாதது போன்ற இயந்திரக் குறை. அது மிக மெலிதாக இருந்தால் 100 ஹெர்ட்ஸ்தான் பெரிது. மேலே சொன்ன கால், சப்ளை வழியில் தேடுங்கள்.

அலையோடு அம்மீட்டர் முள்ளும் ஆடினால் ரோட்டர் பார் உடைந்திருக்கலாம். சுமையைக் குறைத்தால் ஆட்டம் சோர்ந்துபோகும், தனியாக ஓட்டினால் ஏறக்குறைய மறைந்துவிடும். அதனால்தான் இந்தச் சந்தேகம் வந்தால் கப்ளிங்கைக் கழற்றும்முன் சுமையோடு கேட்டுப் பதிந்து வைக்க வேண்டும்.

விஎஃப்டியில் ஓடுற மோட்டாருக்கும் இது சரிவருமா?

மோட்டாரின் வேகத்தை மாற்றும் அந்த டிரைவ் எப்படி நிறுத்துகிறது என்பதைப் பொறுத்தது. பல டிரைவ்கள் ஸ்டாப் கொடுத்தால் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும். கடைசிவரை மின்சாரம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். காந்தச் சத்தமும் வேகத்தோடு சேர்ந்து இறங்குவதால், எல்லாமே இயந்திரச் சத்தம் போலத் தோன்றும். ஸ்டாப் முறையை 'தானாக ஓய விடு' என்பதற்கு மாற்றுங்கள். டிரைவின் திரையில் இது Coast to stop அல்லது Free run என்று இருக்கும். சோதனை முடிந்ததும் மறக்காமல் பழைய முறைக்குத் திருப்புங்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவிலுள்ள சுவிட்சை ஓட்டத்தில் திறக்காதீர்கள்.

டிரைவில் ஓடும் மோட்டாரின் 'ஊம்' 100-இல் நிற்காது, கொடுக்கும் அதிர்வெண்ணின் இரட்டிப்பில் இருக்கும். 40 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 80. மேலே கேட்கும் மெல்லிய 'கீ...' டிரைவின் ஸ்விட்சிங் அதிர்வெண்ணால் வருவது. அந்த அமைப்பைக் கூட்டினால் சுருதி ஏறிக் காதுக்கு எட்டாமல் போகும், பதிலுக்கு டிரைவ் அதிகம் சூடாகும்.

நிறுத்தின பிறகும் கரகரப்பு தொடருது. பேரிங்தானே?

இருக்கலாம். ஆனால் ஓயும் விதம் இன்னும் சொல்லும். சுருதி இறங்கியபடியே கடைசிச் சுற்றுவரை கரகரத்து, ஸ்க்ரூடிரைவரை ஒரு பேரிங்கில் வைத்தால் மட்டும் உரக்கக் கேட்டால் அந்தப் பேரிங். சுற்றுக்கு ஒரு முறை 'சர்ர்' என்று உரசினால் முதலில் விசிறியையும் மூடியையும் பாருங்கள். நசுங்கிய மூடி ஒரு திருகாணி வேலை. நடுவில் ஒரு வேகத்தில் மட்டும் சத்தம் திடீரென்று பெருத்து மீண்டும் தணிந்தால், அந்த வேகத்தில் பீடமோ குழாயோ சேர்ந்து அதிர்கிறது. அதற்குப் பேரிங் மாற்றி ஒரு பயனும் இல்லை.

காலின் கதைக்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. விஎஃப்டியில் ஓடும் மோட்டாரில் ஷாஃப்ட் வழியே கசியும் மின்னோட்டம் பேரிங்குக்குள் பொறி விட்டு, பாதையில் துணி துவைக்கும் பலகை போல வரிவரியாகக் குழி பறித்துவிடும். சோதனையில் அது பச்சையான இயந்திரச் சத்தம்: ஒரே சீரான முனகல், ஓயும்வரை தொடரும். பேரிங்கை மாற்றினால் போகும், சில மாதத்தில் திரும்பி வரும். பழைய பேரிங்கை எறியாமல் வெட்டித் திறந்து பாருங்கள்; வரிகள் தெரிந்தால் ஷாஃப்டுக்கு எர்த் பிரஷ் அல்லது மின்காப்புள்ள பேரிங் போடாமல் இந்தச் சுழல் நிற்காது.

ஒத்தை ஃபேஸ் மோட்டார் நிக்கும்போது நடுவுல 'டிக்'னு ஒரு சத்தம் வருதே?

அது மையவிலக்குச் சுவிட்ச் திரும்பி மூடும் சத்தம். வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் ஒரு முறை வந்தால் சரி. வரவே இல்லை என்றால்தான் அடுத்த முறை மோட்டார் கிளம்பாமல் 'ஊம்' என்று முக்கும். ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் முறுக்கு விசையே நொடிக்கு 100 முறை துடிப்பதால், அதன் 'ஊம்' மூன்று ஃபேஸைவிட அதிகமாக இருப்பது இயல்பு.

வீட்டுல இருக்கிற டிசி சீலிங் ஃபேனுக்கும் இதே மாதிரி பார்க்கலாமா?

பாதிதான் நம்பலாம். அதன் ரோட்டரில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. ரிமோட்டில் அணைத்தாலும் காந்தம் அணைவதில்லை. சுழலும்போது ஸ்டேட்டர் பற்களை இழுத்துக்கொண்டே இருக்கும். அணைத்ததும் நின்ற சத்தம் மின்சுற்றிலிருந்து வந்தது என்று துணிந்து சொல்லலாம். தொடரும் சத்தம் பேரிங்கா காந்தமா என்று இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டு, நின்ற இறக்கையைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சீரான இடைவெளியில் தட்டுத்தட்டாகத் தடுத்தால் காந்தம், ஒழுங்கில்லாமல் கரகரத்தால் பேரிங்.

ஹாய்ஸ்ட் மோட்டாரை நிறுத்தினா உடனே 'டக்'னு நின்னுடுது. அதுக்கு?

சப்ளை போனதும் பிரேக் பிடித்துக்கொள்வதால் கேட்பதற்கு ஓய்வு நேரமே இல்லை. சோதனைக்காகப் பிரேக்கைக் கையால் விடுவிக்காதீர்கள், கொக்கியில் சுமை இல்லாவிட்டாலும். ஓடும்போதே பதிவு செய்து 100 ஹெர்ட்ஸ் கோடு எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். அதே பதிவில் பிரேக் காயிலின் சொந்த 'ஊம்'மும் இருக்கும் என்பதால், ஸ்க்ரூடிரைவரைப் பிரேக் உறையிலும் மோட்டார் உடலிலும் மாற்றி மாற்றி வைத்து எதில் உரக்கக் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.